ஆஸ்திரேலியா வருகைக் கார்டு: மலையிலிருந்து முதல் முறை கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கூடலூர் பக்கத்திலிருந்து ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கக் கிளம்பும் அம்மா அப்பாக்கள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. படத்தில் இருப்பது விமானத்தில் கொடுக்கும் 'இன்கமிங் பாசஞ்சர் கார்டு'. வேறு நாட்டுக் கார்டுக்கு இந்தப் பதில்கள் பொருந்தாது.

வாட்ஸ்அப்ல ஒரு கார்டு போட்டோ வந்திருக்கு. இதுதான் விசாவா? இல்ல விசாவோட சேர்ந்த ஏதாவதா?

விசா வேறு, இது வேறு. விசா ஏற்கெனவே மின்னஞ்சலில் வந்து உங்கள் பாஸ்போர்ட் எண்ணோடு இணைந்திருக்கும். இந்தக் கார்டு ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது நீங்கள் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் வாக்குமூலம். நான் யார், எங்கே தங்கப்போகிறேன், பையில் என்ன கொண்டுவருகிறேன் என்ற மூன்றையும் இதில் சொல்கிறீர்கள்.

உங்களுக்கு வந்த படத்தில் ஒரு பக்கம்தான் இருக்கும். பெரும்பாலும் முன்பக்கத்தை மட்டும்தான் படம் எடுத்து அனுப்புகிறார்கள். பின்பக்கமும் உண்டு, அதையும் நிரப்ப வேண்டும். பின்பக்கம் காலியாக இருக்கும் கார்டோடு வரிசையில் நின்று, முறை வந்ததும் திருப்பி அனுப்பப்படுவது முதல் முறை போகிறவர்களுக்கு அடிக்கடி நடக்கிறது. இன்னொரு பக்கத்தையும் அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

இதை இங்கேயே பிரிண்ட் எடுத்து நிரப்பிக்கலாமா? நெட்ல தேடினா ஒரு சைட்ல காசு கட்டச் சொல்லுது.

காசு கட்டாதீர்கள். இறங்குவதற்கு முன்னால் விமானப் பணிப்பெண் இந்தக் கார்டை இலவசமாகக் கொடுப்பார். கைக்கு வராவிட்டால், இறங்கியதும் குடியேற்ற வரிசைக்கு முன்னால் மேசைமேல் அடுக்கி வைத்திருப்பார்கள்.

படத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். ஆனால் பழகிப் பார்க்க அது மிகவும் உதவும். வீட்டில் பென்சிலால் ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். விமானத்தில் எழுத உங்கள் கைப்பையில் நீலம் அல்லது கறுப்புப் பேனா ஒன்று கட்டாயம் இருக்கட்டும். இரவு விமானத்தில் விளக்கை அணைத்துவிடுவார்கள், பக்கத்து இருக்கைக்காரரும் தூங்கிக்கொண்டிருப்பார்.

ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் எழுத வேண்டும். யெஸ், நோ கட்டங்களில் டிக் அடிக்காமல் பெருக்கல் குறி போடுங்கள்.

பாஸ்போர்ட்ல சர்நேம் இடம் காலியா இருக்கு, பேரு மட்டும்தான் இருக்கு. முதல் கட்டத்துல என்ன எழுதறது?

நம் ஊர்க்காரர்கள் பாதிப்பேருக்கு இருக்கும் குழப்பம் இது. கார்டில் முதல் வரி குடும்பப் பெயர், இரண்டாவது வரி கொடுக்கப்பட்ட பெயர். நமக்கோ அப்பா பெயரின் முதல் எழுத்துதான் முன்னால் நிற்கிறது.

விசா வந்த கடிதத்தை எடுத்துப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருப்பவர்களுக்கு அங்கே அதைக் குடும்பப் பெயராகப் பதிவு செய்வதுதான் வழக்கம். கடிதத்தில் எப்படி இருக்கிறதோ அதே மாதிரி எழுதுங்கள். ஒரே பெயரானால் முதல் வரியில் அதை எழுதி, இரண்டாவது வரியில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத அப்பா பெயரையோ கணவர் பெயரையோ இடம் காலியாக இருக்கிறதே என்று சேர்க்க வேண்டாம்.

கோயம்புத்தூர்ல ஏறி சிங்கப்பூர்ல மாறிப் போறோம். எந்த பிளைட் நம்பர் எழுதணும்? எந்த நாட்டுல ஏறினோம்னு போடணும்?

ஆஸ்திரேலிய மண்ணில் எந்த விமானத்திலிருந்து இறங்குகிறீர்களோ அதன் எண். கையில் இரண்டு போர்டிங் பாஸ் இருக்கும். சிங்கப்பூரிலிருந்து மெல்போர்ன் என்று போட்டிருக்கும் இரண்டாவது பாஸில் உள்ள எண்ணை எழுதுங்கள். இரண்டு எழுத்தும் சில இலக்கங்களும் இருக்கும். முன்பக்கத்தில் அது கேட்கப்படும்.

பின்பக்கத்தில் 'இந்த விமானத்தில் எந்த நாட்டில் ஏறினீர்கள்' என்ற கேள்வி வரும். 'இந்த விமானம்' என்பதுதான் இங்கே முக்கியம். பதில் சிங்கப்பூர். இந்தியா என்று எழுதுவதுதான் பலரும் செய்கிற தவறு. நீங்கள் வசிக்கும் நாடு எது என்று தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது, இந்தியா அங்கே வரும்.

பன்னிரண்டு மாசம் ஆஸ்திரேலியாவில வாழப்போறீங்களான்னு இருக்கு. எங்க விசா மூணு வருஷத்துக்கு இருக்கே, யெஸ் போடலாமா?

நோ போடுங்கள். மூன்று ஆண்டு என்பது அந்த விசாவைப் பயன்படுத்தக்கூடிய காலம். ஒவ்வொரு முறை போகும்போதும் இத்தனை மாதம்தான் தங்கலாம் என்பது விசாக் கடிதத்தில் தனியாக இருக்கும், மூன்று மாதம் என்பது போல. கார்டு கேட்பது அடுத்த பன்னிரண்டு மாதம் அங்கேயே குடியிருக்கப்போகிறீர்களா என்பதைத்தான். பார்த்துவிட்டுத் திரும்பப்போகிறவருக்கு அது இல்லை.

இதில் யெஸ் போட்டுவிட்டு, பின்பக்கத்தில் தங்கும் காலம் 80 நாள் என்று எழுதினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அதிகாரி கேள்வி கேட்பார், நீங்கள் பதறுவீர்கள். தங்கும் நாளை ரிட்டர்ன் டிக்கெட்டைப் பார்த்து எண்ணி எழுதுங்கள்.

பின்பக்கம் ஏ, பி, சி-ன்னு மூணு இருக்கு. மூணையும் நிரப்பணுமா? வேலைங்கற இடத்துல என்ன போட? நான் வீட்லதான் இருக்கேன்.

ஒன்றை மட்டும்தான். ஏ நிரந்தரமாகக் குடியேறுகிறவர்களுக்கு, சி ஆஸ்திரேலியாவில் வசித்து ஊருக்கு வந்து திரும்புகிறவர்களுக்கு. உங்களுக்கு பி. அதில் தங்கும் காலம், வசிக்கும் நாடு, வரும் காரணம் மூன்றும் இருக்கும். காரணங்களில் ஒன்றுக்கு மட்டும் குறி போட வேண்டும். மகளைப் பார்க்கப் போகிறவருக்கு 'நண்பர்கள் அல்லது உறவினரைப் பார்க்க' என்பதுதான் சரி. சுற்றிப் பார்க்கவும் போகிறோமே என்று விடுமுறைக்கும் சேர்த்துக் குறி போடாதீர்கள்.

வேலை என்ற இடத்தில் ஹோம் டியூட்டீஸ் என்று எழுதலாம். தோட்டம் வைத்திருப்பவர் ஃபார்மர், ஓய்வு பெற்றவர் ரிட்டயர்டு. முகவரி முன்பக்கத்தில் வரும்: வீட்டு எண், தெரு, புறநகர், மாநிலம். 'மெல்போர்னில் மகள் வீடு' என்று எழுதினால் போதாது. முகவரியையும் மகளின் கைப்பேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட் உறைக்குள் வையுங்கள். கைப்பேசிக்குள் மட்டும் இருந்தால், சார்ஜ் தீர்ந்த நேரத்தில்தான் தேவைப்படும்.

டி.பி. இருக்கா, குற்றத் தண்டனை இருக்கான்னு கேட்குது. அப்பாவுக்கு முன்னாடி டி.பி. வந்து சரியாயிருச்சு. என்ன போடறது?

கேள்வி இப்போது காசநோய் இருக்கிறதா என்பதுதான். மருந்து முடித்துக் குணமானவர் நோ போடலாம். சிகிச்சை முடிந்ததற்கான தாள் இருந்தால் எடுத்துப் போங்கள். தண்டனை பற்றிய கேள்விக்கு விசா விண்ணப்பத்தில் என்ன சொன்னீர்களோ அதையே சொல்ல வேண்டும்.

யெஸ் போட்டா பிடிச்சு வச்சுக்குவாங்க, பேசாம எல்லாத்துக்கும் நோ போட்டுடுங்கன்னு சொல்றாங்களே?

இந்த ஓர் அறிவுரையைக் கேட்டு நடந்தவர்கள்தான் உண்மையில் மாட்டுகிறார்கள். கார்டின் முன்பக்கத்தில் வரிசையாக எண் போட்ட கேள்விகள் இருக்கின்றன. அவற்றுக்கு மேலேயே 'எல்லாக் கேள்விக்கும் பதில் தர வேண்டும், சந்தேகமாக இருந்தால் யெஸ்' என்று அச்சிட்டிருக்கிறது. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

யெஸ் போட்டால் உங்களைச் சோதனை வரிசைக்கு அனுப்புவார்கள். பையைத் திறப்பார்கள், அல்லது எக்ஸ்ரேயில் விடுவார்கள், அல்லது நாய் மோந்து பார்க்கும். அனுமதி உள்ள பொருளைத் திருப்பித் தருவார்கள், இல்லாததை எடுத்துக்கொள்வார்கள். சொல்லிவிட்ட பொருளுக்கு, அது தடை செய்த உணவாகவே இருந்தாலும், அபராதம் இல்லை. அரை மணியோ ஒரு மணியோ கூடுதலாகும், அவ்வளவுதான்.

நோ போட்டுப் பையில் அகப்பட்டால் அது பொய் வாக்குமூலம். ஆயிரக்கணக்கான டாலர் அபராதம் விழலாம். 2019-லிருந்து பார்வையாளர் விசாவை விமான நிலையத்திலேயே ரத்து செய்யவும் அதிகாரம் இருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபரில் சிட்னியில், பன்றி இறைச்சி உட்பட நிறைய உணவைச் சொல்லாமல் கொண்டுவந்த வியட்நாம் பெண் ஒருவரை அப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள். பேரனைப் பார்க்காமலே திரும்பி வருவதற்கு ஒரு பொட்டலம் பருப்பு காரணமாகிவிடக் கூடாது.

முப்பது நாளுக்குள்ள பண்ணைக்குப் போனீங்களான்னு இருக்கு. எங்களுக்குப் பண்ணையெல்லாம் இல்லீங்க, கொஞ்சம் தேயிலையும் ஒரு மாடும்தான்.

அப்படியென்றால் யெஸ். பண்ணை என்றால் வேலி போட்ட பெரிய இடம், நூறு மாடு என்று நினைத்து நம் மக்கள் நோ போட்டுவிடுகிறார்கள். கார்டு பண்ணையை மட்டும் கேட்கவில்லை. பண்ணை விலங்கு, காட்டுப் பகுதி, ஓடை, ஏரி எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் கேட்கிறது. வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டியிருந்தால் யெஸ். கேரட், பீட்ரூட் தோட்டத்தில் நடந்தால் யெஸ். கொழுந்து எடுக்கப் போயிருந்தால் யெஸ். ஓடையில் இறங்கித் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்திருந்தாலும் யெஸ். மலையில் குடியிருக்கும் ஒருவர் இந்தக் கேள்விக்கு உண்மையாக நோ போடுவது கடினம்.

அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று தெரிந்தால் இந்தக் கேள்வி தொந்தரவாகத் தெரியாது. நம் மாடுகளுக்கு வரும் கோமாரி நோய் ஆஸ்திரேலியாவில் 1872-க்குப் பிறகு இல்லை. அந்த நச்சுயிரி சாணி, சேறு, பால் வழியாக, செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு போகக்கூடியது. அங்கே ஒருமுறை நுழைந்தால் அவர்களுடைய இறைச்சி ஏற்றுமதி அன்றே நின்றுவிடும்.

யெஸ் போட்டவரிடம் அதிகாரி கேட்பது பெரும்பாலும் இரண்டுதான்: எந்த மாதிரி இடம், அங்கே போட்ட செருப்பு இப்போது உங்களிடம் இருக்கிறதா. 'வீட்டில் ஒரு மாடு, தேயிலைத் தோட்டம், அந்தச் செருப்பு ஊரில் இருக்கிறது' என்று சொன்னால் போதும். அவர் ஒருவேளை உங்கள் பாதணியின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார்.

ஷூவை எல்லாம் கழுவிட்டுத்தான் வச்சேன். இருந்தாலும் மண் கேள்விக்கு யெஸ் போடணுமா?

உண்மையாகவே மண் ஒட்டவில்லை என்றால் நோ போடலாம். ஆனால் 'கழுவினேன்' என்பதை ஒருமுறை சரிபாருங்கள். ஷூவைத் திருப்பி, அடிப்பக்கப் பள்ளங்களைப் பழைய பல்துலக்கியால் குத்தி எடுங்கள். நம் செம்மண் காய்ந்தால் ரப்பர் நிறத்தோடு சேர்ந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. ஈரத் துணியால் துடைத்தால் துணி சிவக்கும். சிவப்பு வருவது நிற்கும்வரை தேயுங்கள். ஊன்றுகோல் இருந்தால் அதன் ரப்பர் முனையையும் கழற்றிப் பாருங்கள்.

நம் மண்ணைப் பற்றி இன்னொரு விஷயமும் உண்டு. உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் தங்க நூற்புழு இந்தியாவில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நீலகிரியில்தான், 1961-ல். கொடைக்கானல் மலையிலும் இருக்கிறது. அதன் முட்டைக்கூடு குண்டூசித் தலையை விடச் சிறியது, பயிர் இல்லாமலே பல ஆண்டு மண்ணில் உயிரோடு கிடக்கும். இந்தப் புழுவினால்தான் நம் மலை விதைக்கிழங்கை வெளியே அனுப்பவே உள்நாட்டில் கட்டுப்பாடு இருக்கிறது. ஷூ அடியில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண்ணை அவர்கள் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது உருளை போட்டவர்களுக்கு உடனே புரியும்.

சந்தேகம் இருந்தால் யெஸ் போட்டு, அந்த ஷூவைப் பையின் மேலாக வையுங்கள். அழுக்கு இருந்தால் சுத்தம் செய்யச் சொல்வார்கள், அல்லது அவர்களே செய்து தருவார்கள். எளிய வழி, புதுச் செருப்போடு போவது.

பொண்ணுக்குப் பிரசவம். அரிசி, பருப்பு, சீரகம், மல்லி, காய்ஞ்ச மிளகாய், கறிவேப்பிலை, பிரசவ லேகியம், உரைமருந்து, நெய், பால்கோவா, தேன், டீத்தூள், வர்க்கி, மர நடைவண்டி எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். எதுக்கு என்ன போடறது?

மெல்போர்னுக்குப் போகும் இந்தப் பையை அப்படியே வைத்துப் பார்ப்போம். கார்டில் 6-ஆம் கேள்வி இறைச்சி, மீன், முட்டை, பால் பொருள், பழம், காய்கறி. 7-ஆம் கேள்வி தானியம், விதை, கொட்டை, செடியின் பாகம், நாட்டு மருந்து, மரப் பொருள். 8-ஆம் கேள்வி விலங்குப் பொருள், தேன் உட்பட. இந்தப் பைக்கு மூன்றுமே யெஸ். எது எந்தக் கேள்வியில் அடங்கும் என்று துல்லியமாகப் பிரிக்கத் தெரியவில்லை என்றாலும் பாதகமில்லை. ஏதாவது ஒன்றில் யெஸ் போட்டு, வரிசையில் பொருளை வாயால் சொன்னால் சரியாகிவிடும்.

அடுத்து, எதை எடுத்துப் போவதில் பயனே இல்லை என்று பார்க்கலாம். அரிசி, துவரம் பருப்பு, சீரகம், மல்லி விதை, காய்ந்த மிளகாய் ஐந்தையும் வீட்டிலேயே இறக்கி வையுங்கள். காப்ரா வண்டு என்ற தானியப் பூச்சிக்காக 2020-லிருந்து பயணிகள் பையில் இவற்றைக் கொண்டுபோக முடியாது. அந்தப் பூச்சியின் புழு சாப்பாடே இல்லாமல் பல மாதம், ஆண்டுக்கணக்கில்கூடச் சாக்கு மடிப்பில் ஒளிந்து கிடக்கும் என்பதுதான் காரணம். வறுத்தோ வேகவைத்தோ கம்பெனியில் தயாரித்துப் பாக்கெட் போட்ட பொருளுக்கு விலக்கு உண்டு. வீட்டு இட்லிப் பொடிக்கு அந்த விலக்கு கிடையாது. மெல்போர்னில் இந்தியக் கடைகளில் இவை எல்லாமே கிடைக்கின்றன.

பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைச் சாகடிக்கும் பசுமை நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையில் வாழும். அந்த நோய் அவர்களிடம் இல்லை. இதே கணக்கில் தலையில் வைத்த மல்லிகைப் பூவும் சேரும்! கோவையில் வழியனுப்ப வந்தவர்கள் வைத்துவிட்ட பூ, பின்னலில் வாடிப்போய் அங்கே இறங்கும்போதும் இருக்கும். விமானத்திலேயே எடுத்துக் குப்பைப் பையில் போட்டுவிடுங்கள். பால்கோவா, பேடா, பர்ஃபி மாதிரிப் பால் இனிப்புகளும் நிற்காது. நெய்யை எடுத்துப் போனால் 6-ல் யெஸ் போட்டு அதிகாரி முடிவுக்கு விட வேண்டியதுதான். அங்கேயே நல்ல வெண்ணெய் வாங்கி உருக்கிக்கொள்ளலாம்.

பிரசவ லேகியமும், வசம்பு, கடுக்காய், ஜாதிக்காய் அடங்கிய உரைமருந்தும் நாட்டு மருந்துக் கணக்கு, 7-ல் யெஸ். கடைப் பெயரும் சரக்குப் பட்டியலும் ஒட்டிய டப்பாவாக வாங்குங்கள். பெயரில்லாத பொட்டலத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு அது என்ன வேர் என்று தெரிய வழியில்லை, எடுத்துவைத்துவிடுவார். டீத்தூளும் அப்படியே. கம்பெனிப் பாக்கெட் பெரும்பாலும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் பொருள். பேக்டரியிலிருந்து பாலித்தீனில் அள்ளிக் கட்டிய தூள் சந்தேகத்தைக் கிளப்பும். வர்க்கி முழுதாகச் சுட்ட பண்டம், சிக்கல் வராது. தேன் 8-ல் வரும். மலைத்தேனை அடையோடு கொண்டுபோகாதீர்கள், வடிகட்டி மூடிய பாட்டில் மட்டும். மகள் பெர்த்தில் இருந்தால் தேனே வேண்டாம், மேற்கு ஆஸ்திரேலியாவின் கட்டுப்பாடு தனி.

நடைவண்டி மரப் பொருள், 7-ல் யெஸ். மரத்தில் பொடி ஓட்டையோ மாவு மாதிரித் தூளோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் அது புழு அரித்த மரம், உள்ளே விட மாட்டார்கள். பட்டை உரிக்காத மரமும் ஆகாது. துளசிமாலை, ருத்திராட்சம், சாணத் திருநீறு இவற்றையும் சொல்லிவிடுங்கள். தோடர் பூத்தையல் சால்வை பருத்தித் துணி, அதற்கு எந்தக் கேள்வியும் கிடையாது.

பிரஷர், சுகர் மாத்திரை மூணு மாசத்துக்கு எடுத்துட்டுப் போறோம். அதுவும் சொல்லணுமா?

சொல்லுங்கள். கார்டின் முதல் கேள்வியிலேயே மருந்து என்ற சொல் இருக்கிறது. துப்பாக்கி, போதைப்பொருள் என்று அதே வரியில் போட்டிருப்பதால் பயந்து நோ போட்டுவிடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு மேற்படாத அளவு, அட்டையிலிருந்து பிரிக்காமல், டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டோடு கைப்பையில் வையுங்கள். ஞாயிறு, திங்கள் என்று பிரித்துப் போடும் மாத்திரை டப்பாவில் கொட்டி எடுத்துப் போனால் எது என்ன மாத்திரை என்று காட்ட முடியாது.

குழந்தைக்குத் தங்கச் சங்கிலி கொண்டு போறேன். என் கழுத்துல இருக்கற தாலியையும் கணக்குல சேர்ப்பாங்களா?

3-ஆம் கேள்வி அன்பளிப்பையும் சேர்த்து 900 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் பொருள் இருக்கிறதா என்று கேட்கிறது. நீங்கள் போட்டுக்கொண்டு போய், போட்டுக்கொண்டே திரும்பும் தாலியும் வளையலும் உங்கள் சொந்த உடைமை. குழந்தைக்குக் கொடுத்துவிட்டு வரப்போகும் புதுச் சங்கிலி அன்பளிப்பு. இன்றைய விலையில் ஒரு சவரனே அந்த எல்லையைத் தாண்டிவிடும், அப்போது யெஸ். கடை ரசீதை வைத்திருங்கள். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து போனால் இருவர் வரம்பையும் கூட்டிக்கொள்ளலாம்.

பணத்துக்கான எல்லை 10,000 ஆஸ்திரேலிய டாலர், ரூபாய் உட்பட எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கில் சேரும். சிகரெட், பீடி பிடிக்கிறவர்கள் 2-ஆம் கேள்வியைப் பாருங்கள். 25 சிகரெட் அல்லது 25 கிராம் புகையிலைக்கு மேல் இருந்தால் யெஸ். பழைய கார்டுப் படங்களில் இந்த எண்ணிக்கை அதிகமாக இருக்கும், அதை நம்பாதீர்கள்.

எனக்கும் வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஒரு கார்டு போதுமா? அவருக்கு இங்கிலீஷ் எழுத வராது, தமிழ்லதான் கையெழுத்துப் போடுவாரு.

ஆளுக்கு ஒரு கார்டு, கைக்குழந்தைக்கும் தனிக் கார்டு. குழந்தைக்குப் பெற்றோர் நிரப்பிக் கையெழுத்திடலாம். உங்கள் கணவர் கார்டை நீங்களோ பக்கத்து இருக்கைக்காரரோ நிரப்பித் தரலாம். பாஸ்போர்ட்டில் தமிழில் கையெழுத்து இருந்தால் கார்டிலும் அதே கையெழுத்துத்தான்.

ஆனால் கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. 'அவர்தான் நிரப்பினார், எனக்குத் தெரியாது' என்பது அங்கே செல்லாது. நிரப்பித் தருகிறவர் அவசரத்தில் மளமளவென்று நோ போட்டுக்கொண்டே போவார். நிறுத்தி, பையில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கவுண்டரில் பேச்சு புரியாவிட்டால் 'தமிழ்' என்று சொல்லுங்கள், தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா போன தடவை நிரப்பின கார்டு போட்டோ இருக்கு. அதைப் பார்த்து அப்படியே எழுதிடலாமா?

முகவரி எப்படி எழுத வேண்டும், தேதியில் முதலில் நாள், பிறகு மாதம் என்பதற்கெல்லாம் அந்தப் படம் உதவும். யெஸ், நோ வரிசையை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள். அவர் பை வேறு, உங்கள் பை வேறு. மாடு இல்லாத வீட்டு அக்காவின் நோ உங்களுக்குப் பொய்யாகிவிடும்.

இன்னொன்று: நிரப்பிய கார்டில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, மகளின் வீட்டு முகவரி எல்லாம் இருக்கும். குடும்பக் குழுவில் அனுப்புவதற்கு முன் அவற்றை மறைத்துவிடுங்கள். படம் எடுப்பதாக இருந்தால் விமானத்துக்குள்ளேயே எடுங்கள். இறங்கிய பிறகு குடியேற்றம், சுங்கம் நடக்கும் கூடத்தில் படம் எடுக்கக் கூடாது.

நோ போட்டுக் கையெழுத்தும் போட்டாச்சு. வரிசையில நிக்கறப்பதான் பையில ஊறுகாய் இருக்கறது ஞாபகம் வருது. இனிமே என்ன பண்றது?

பை சோதனைக்குப் போகும் முன் நீங்களே சொன்னால் தப்பு இல்லை. அவர்கள் கேட்டுக் கண்டுபிடித்த பிறகு சொன்னால்தான் தப்பு. நேரம் இருந்தால் புதுக் கார்டு எடுத்து எழுதுங்கள். இல்லாவிட்டால் நோ குறியைத் தெளிவாக அடித்து, யெஸ் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டு, அதிகாரியிடம் கார்டை நீட்டும்போதே 'ஃபுட்' என்று வாயாலும் சொல்லிவிடுங்கள்.

கார்டை இரண்டு இடத்தில் பார்ப்பார்கள். பாஸ்போர்ட் கவுண்டரில் பார்த்து ஏதோ குறித்துத் திருப்பித் தருவார்கள். வேலை முடிந்தது என்று நினைத்து அங்கேயே விட்டுவிட்டோ பைக்குள் புதைத்துவிட்டோ போகிறவர்கள் உண்டு. பெட்டி எடுத்த பிறகு வெளியேறும் வாசலில்தான் கார்டை வாங்குவார்கள், அதுவரை கையிலேயே வைத்திருங்கள். வழியில் உணவைப் போட்டுவிட பெரிய தொட்டிகள் வைத்திருப்பார்கள். விமானத்தில் கொடுத்த ஆப்பிளோ சாண்ட்விச்சோ கைப்பையில் இருந்தால் அதில் போடுங்கள். விமானத்தில் தந்தது என்பதால் அதற்கு விலக்கு கிடையாது.